போட்டிக் கடையின் பெயரைச் சொல்லி விளம்பரம் செய்யலாமா? எது சரி, எது தவறு?

"எங்க கடையில உண்மையிலேயே விலை குறைவு. அதைப் பக்கத்துக் கடை பேரைச் சொல்லியே சொன்னா என்ன தப்பு?"

சிறுவணிகர்கள் பலருக்கும் இந்தக் கேள்வி உண்டு. பெயரைச் சொன்னால் வழக்கு வரும் என்று சிலர் பயப்படுகிறார்கள். உண்மையைத்தானே சொல்கிறோம், யார் என்ன செய்துவிட முடியும் என்று சிலர் துணிகிறார்கள்.

இரண்டுமே முழுக்கச் சரியில்லை. சிங்கப்பூரில் போட்டியாளரின் பெயரைச் சொல்லி ஒப்பிட்டு விளம்பரம் செய்வதற்குத் தடை கிடையாது. ஆனால் ஒவ்வொரு எண்ணும் தனித்தனியே உண்மையாக இருந்தாலும், ஒப்பீடு மொத்தத்தில் தவறான எண்ணத்தைத் தந்துவிடலாம். சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

ஒரு நிறுவனத்தின் பெயர் பதிவுபெற்ற வணிகச் சின்னமாக இருக்கலாம். அதை மற்றவர் பயன்படுத்தினால் பொதுவாக அது அத்துமீறல். ஆனால் வணிகச் சின்னச் சட்டத்தின் 28வது பிரிவு இதற்கு ஒரு விலக்கு தருகிறது. ஒப்பீட்டு விளம்பரத்தில் நியாயமான முறையில் பயன்படுத்தினால் அது அத்துமீறல் ஆகாது.

"நியாயமான முறையில்" என்பதுதான் முக்கியம். யாருடன் ஒப்பிடுகிறோம் என்று காட்டப் பெயரை எழுதலாம். அதற்காக அவர்களுடைய சின்னத்தைப் பெரிதாகப் போட்டு, அவர்களுடைய நிறங்களையும் எழுத்து வடிவத்தையும் எடுத்துக்கொண்டு, பார்ப்பவர் "இது அவங்க விளம்பரமோ?" என்று குழம்பும்படி செய்தால் அது ஒப்பீடு இல்லை. பெயரைச் சாதாரண எழுத்தில் எழுதினாலே வேலை முடிந்துவிடும்.

அடுத்தது பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தக) சட்டம். பொய் சொல்வது மட்டுமல்ல, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டு வாடிக்கையாளரைத் தவறாக நினைக்க வைப்பதும் அதன்படி நியாயமற்ற செயல்தான். 2018ஆம் ஆண்டிலிருந்து இந்தச் சட்டத்தைச் செயல்படுத்தும் பொறுப்பு சிங்கப்பூர்ப் போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையத்திடம் உள்ளது. விலையை எப்படி ஒப்பிட்டுக் காட்டலாம் என்பது குறித்து ஆணையத்தின் வழிகாட்டி 2020 நவம்பரில் நடப்புக்கு வந்தது.

மூன்றாவது, சிங்கப்பூர் விளம்பர நடைமுறைக் குறியீடு. இது சட்டம் அல்ல. விளம்பரத் துறை தனக்குத்தானே வகுத்துக்கொண்ட விதி. 1976இல் அமைக்கப்பட்ட சிங்கப்பூர் விளம்பரத் தர ஆணையம் இதைக் கவனிக்கிறது. விளம்பரத்தைத் திருத்தவோ மீட்டுக்கொள்ளவோ அது கேட்கலாம். ஊடகங்கள் அந்த விளம்பரத்தை ஏற்க வேண்டாம் என்றும் சொல்லலாம்.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போமா?

லிட்டில் இந்தியாவில் ஒரு மளிகைக் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அருகில் ஒரு பெரிய பேரங்காடி. "பேரங்காடியைவிட எங்களிடம் 22 விழுக்காடு மலிவு" என்று ஃபேஸ்புக்கில் விளம்பரம் போடக் கடைக்காரர் நினைக்கிறார். அவர் 5 பொருள்களின் விலையை எடுத்திருக்கிறார். (கடையும் விலைகளும் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை.)

- பொன்னி அரிசி 5 கிலோ: கடையில் 12 வெள்ளி, பேரங்காடியில் 14 வெள்ளி
- துவரம் பருப்பு 1 கிலோ: கடையில் 3.60 வெள்ளி, பேரங்காடியில் 4.40 வெள்ளி
- தேங்காய் எண்ணெய் 500 மில்லிலிட்டர்: கடையில் 5.40 வெள்ளி, பேரங்காடியில் 6 வெள்ளி
- தேயிலைத் தூள் 450 கிராம்: கடையில் 6 வெள்ளி, பேரங்காடியில் 7.10 வெள்ளி
- நல்லெண்ணெய் 1 லிட்டர்: கடையில் 9 வெள்ளி, பேரங்காடியில் 12.50 வெள்ளி

கூட்டினால் கடையில் 36 வெள்ளி, பேரங்காடியில் 44 வெள்ளி. வித்தியாசம் 8 வெள்ளி. எல்லாம் சரியாகத்தான் தெரிகிறது. ஆனால் இந்த விளம்பரம் நிற்குமா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் கேள்வி: எதிலிருந்து கணக்கிட்ட விழுக்காடு?

கடைக்காரர் 8 வெள்ளியைத் தன்னுடைய 36 வெள்ளியால் வகுத்திருக்கிறார். அதனால்தான் 22 விழுக்காடு வந்தது. அதற்குப் பொருள், "பேரங்காடியில் எங்களைவிட 22 விழுக்காடு அதிகம்" என்பதுதான்.

"எங்களிடம் மலிவு" என்று சொன்னால், வாடிக்கையாளர் பேரங்காடியில் கொடுத்திருக்கக்கூடிய 44 வெள்ளியிலிருந்துதான் கணக்கைத் தொடங்க வேண்டும். 8ஐ 44ஆல் வகுத்தால் கிடைப்பது ஏறக்குறைய 18 விழுக்காடு.

விலைப்பட்டியலில் ஒரு காசுகூடத் தப்பில்லை. வாக்கியத்தை மாற்றியதில்தான் 4 விழுக்காடு கூடிவிட்டது.

இரண்டாவது கேள்வி: ஒரே பொருளைத்தான் ஒப்பிட்டோமா?

அரிசி, பருப்பு, தேங்காய் எண்ணெய், தேயிலைத் தூள் நான்கும் இரண்டு இடத்திலும் ஒரே நிறுவனத்தின் ஒரே வகை. நல்லெண்ணெய் அப்படியில்லை. கடையில் இருப்பது சாதாரண நல்லெண்ணெய். பேரங்காடியில் இருப்பது மரச்செக்கில் ஆட்டியது. அதன் விலை எங்கேயுமே கூடுதல்தான். இரண்டையும் "நல்லெண்ணெய்" என்று ஒரே வரியில் போட்டால், தரத்தில் உள்ள வேறுபாடு விலையில் உள்ள வேறுபாடாகத் தெரியும்.

அந்த வரியை எடுத்துவிட வேண்டும். எடுத்தால் கடையில் 27 வெள்ளி, பேரங்காடியில் 31.50 வெள்ளி. மிச்சம் 4.50 வெள்ளி. அதாவது சுமார் 14 விழுக்காடு.

பருப்பிலும் ஒரு விஷயம் இருக்கிறது. பேரங்காடியில் 500 கிராம் பொட்டலம்தான் விற்கிறார்கள், ஒன்று 2.20 வெள்ளி. இரண்டு வாங்கினால் 4.40 வெள்ளி. இப்படி ஒப்பிடுவது தவறில்லை. ஆனால் அதை விளம்பரத்தில் சொல்லிவிட வேண்டும். பேரங்காடியில் 1 கிலோ பொட்டலமும் இருந்து, அதன் விலை குறைவாக இருந்தால், சின்னப் பொட்டலத்தை வைத்துக் கணக்குப் போட்டது நியாயமில்லை.

மூன்றாவது கேள்வி: அன்று உண்மையில் என்ன விலை கொடுத்திருப்போம்?

கடைக்காரர் பேரங்காடியின் அலமாரியில் இருந்த வழக்கமான விலையை எழுதி வந்திருக்கிறார். அந்த வாரம் அரிசிக்கு அங்கே 1 வெள்ளி தள்ளுபடி. உறுப்பினருக்கு மட்டுமல்ல, எல்லாருக்கும். அப்படியானால் அன்று யார் போய் வாங்கியிருந்தாலும் 13 வெள்ளிதான்.

இப்போது கணக்கு 27 வெள்ளிக்கு 30.50 வெள்ளி. மிச்சம் 3.50 வெள்ளி, ஏறக்குறைய 11 விழுக்காடு.

தள்ளுபடி உறுப்பினர் அட்டை உள்ளவர்களுக்கு மட்டும் என்றால், அட்டை இல்லாத விலையை ஒப்பிடலாம். ஆனால் அதை விளம்பரத்தில் தெளிவாக எழுத வேண்டும். தன் பக்கத்தில் மட்டும் தள்ளுபடி விலையை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கத்தில் வழக்கமான விலையைப் போடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

பொருள் சேவை வரியையும் மறக்கக்கூடாது. வாடிக்கையாளர் கொடுக்கும் முழுத் தொகைதான் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். விநியோகக் கட்டணமும் அப்படித்தான். இணையத்தில் விற்கும் கடை, பொருள் விலையில் 3 வெள்ளி குறைத்துக் காட்டிவிட்டு விநியோகத்துக்கு 5 வெள்ளி வாங்கினால் மிச்சம் எங்கே?

நான்காவது கேள்வி: 4 பொருளை வைத்து எல்லாவற்றையும் சொல்லலாமா?

"எங்களிடம் 11 விழுக்காடு மலிவு" என்று மொட்டையாகப் போட்டால், படிப்பவர் கடை முழுவதும் அப்படித்தான் என்று நினைப்பார். ஒப்பிட்டதோ 4 பொருள். பேரங்காடியில் மலிவாகக் கிடைக்கும் பால், முட்டை, சலவைத் தூள் போன்றவற்றைக் கடைக்காரர் பட்டியலில் சேர்க்கவே இல்லை.

தனக்குச் சாதகமானவற்றை மட்டும் பொறுக்கி எடுத்து, அதையே பொதுவான உண்மை போலக் காட்டுவதை விளம்பர நடைமுறைக் குறியீடு ஏற்பதில்லை. 4 பொருளைத் தேர்ந்தெடுப்பது தப்பில்லை. 4 பொருள்தான் என்று சொல்லாமல் இருப்பதுதான் தப்பு.

கடைசியில் விளம்பரம் எப்படி இருக்கும்?

"இந்த 4 பொருளுக்கும் சேர்த்து எங்களிடம் 27 வெள்ளி. (பேரங்காடியின் பெயர்), (கிளையின் பெயர்) கிளையில் 30.50 வெள்ளி. விலை பார்த்த நாள்..." என்று எழுதி, 4 பொருளின் பெயர், வகை, எடை, இரண்டு விலை ஆகியவற்றைக் கீழே வரிசையாகக் கொடுத்துவிடலாம்.

22 விழுக்காட்டில் ஆரம்பித்தது 3.50 வெள்ளியில் வந்து நிற்கிறது. கடைக்காரருக்கு மனசு கேட்காமல் போகலாம். ஆனால் பேரங்காடியின் வழக்கறிஞர் கடிதம் அனுப்பினாலும் இந்த வாக்கியத்தில் மறுக்க எதுவும் இல்லை. வாடிக்கையாளரும் தானே போய்ச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

முக்கியமான விவரத்தைப் படிக்க முடியாத சின்ன எழுத்தில் அடிக்குறிப்பாகப் போடுவது உதவாது. தலைப்பு ஒன்று சொல்லி, அடிக்குறிப்பு அதற்கு நேர்மாறாகச் சொன்னால், மக்கள் மனத்தில் பதிவது தலைப்புதான்.

ஆதாரமாக எதை வைத்திருக்க வேண்டும்?

புகார் வந்தபிறகு ஆதாரம் தேடுவது சரிப்படாது. விளம்பரம் வெளியாகும் முன்பே அது கையில் இருக்க வேண்டும் என்று விளம்பர நடைமுறைக் குறியீடு எதிர்பார்க்கிறது.

விலை ஒப்பீட்டுக்குச் சிறந்த ஆதாரம் ரசீது. அலமாரி விலையைக் கைப்பேசியில் படம் எடுப்பதைவிட, அந்த 4 பொருளையும் காசு கொடுத்து வாங்கிவிடுவது நல்லது. ரசீதில் நாள், நேரம், கிளை, பொருள், தள்ளுபடி எல்லாம் இருக்கும். பொருளும் கையில் இருப்பதால் எடை, வகை பற்றிச் சந்தேகம் வராது. அதே நாளில் தன் கடையிலும் ஒரு ரசீது அடித்து இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ளலாம்.

ரசீது அச்சு மங்கிவிடும். அன்றே படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

ஃபேஸ்புக் பதிவில் இன்னொரு சிக்கல் உண்டு. இன்று உண்மையாக இருந்த ஒப்பீடு, பேரங்காடி அடுத்த வாரம் விலையைக் குறைத்தால் பழைய கதை ஆகிவிடும். நாள் போட்டிருந்தாலும், காசு கொடுத்து அதே விளம்பரத்தை மாதக்கணக்கில் ஓட்டினால் "இப்போதும் அப்படித்தான்" என்ற எண்ணம் வரும். வாரம் ஒருமுறை விலையைப் பார்க்க ஆள் இல்லையென்றால், ஒரு வாரத்துக்குமேல் அந்த விளம்பரத்தை ஓட்டாமல் இருப்பதே நல்லது.

"சராசரியாக மாதம் இவ்வளவு மிச்சம்" என்று சொல்லலாமா?

சொல்லலாம், ஆனால் யாருடைய சராசரி என்பது தெரிய வேண்டும். இதில் பலரும் குறிப்பிடும் வழக்கு ஒன்று பிரிட்டனில் 1996இல் நடந்தது. ஆரஞ்ச் என்ற கைப்பேசி நிறுவனம், வோடஃபோன், செல்நெட் ஆகியவற்றின் நிகரான கட்டணத் திட்டங்களோடு ஒப்பிட்டு, ஆரஞ்ச் வாடிக்கையாளர்கள் சராசரியாக மாதம் 20 பவுண்ட் மிச்சப்படுத்துவதாக விளம்பரம் செய்தது. வோடஃபோன் நீதிமன்றம் சென்றது.

வோடஃபோன் வாடிக்கையாளர் ஒருவர் ஆரஞ்சுக்கு மாறினால் 20 பவுண்ட் மிச்சமாகும் என்றுதான் மக்கள் இதைப் புரிந்துகொள்வார்கள், அது உண்மையில்லை என்பது வோடஃபோனின் வாதம். நீதிபதி அதை ஏற்கவில்லை. ஆரஞ்ச் வாடிக்கையாளர்கள் அதே அளவு பேசி, மற்ற நிறுவனங்களில் எவ்வளவு கட்டியிருப்பார்கள் என்பதைத்தான் விளம்பரம் சொல்கிறது, சாதாரண மனிதர் அப்படித்தான் படிப்பார் என்று அவர் முடிவு செய்தார். வோடஃபோன் தோற்றது.

ஆரஞ்சைக் காப்பாற்றியது அந்தக் கணக்கு. யாருடைய கட்டணம், எந்தத் திட்டத்தோடு ஒப்பிட்டது என்பதற்கு அதனிடம் பதில் இருந்தது. மளிகைக் கடைக்காரர் அப்படி எதையும் கணக்கிடாமல் "மாதம் 50 வெள்ளி மிச்சம்" என்று போட்டால், அவரிடம் பதில் இருக்காது.

ஒப்பீடு எப்போது அவதூறாகிறது?

"இந்த அரிசி எங்களிடம் 1 வெள்ளி குறைவு" என்பது பொருளைப் பற்றிய தகவல். "அங்கே போய் ஏமாந்தது போதும்" என்பது பேரங்காடியின் நேர்மையைப் பற்றிய குற்றச்சாட்டு. விலை வித்தியாசம் உண்மையாக இருந்தாலும், ஏமாற்றுகிறார்கள் என்பதற்கு அது ஆதாரம் ஆகாது. கூடுதல் விலைக்கு விற்பது ஏமாற்று வேலை இல்லையே.

"அவங்க பருப்பு பழசு" என்று போட்டால் சிக்கல் இன்னும் பெரிது. ஒரு பொட்டலத்தைப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் சொல்ல முடியாது. பொய் என்று தெரிந்தோ, உண்மையா என்று கவலைப்படாமலோ, போட்டியாளரின் வியாபாரத்துக்கு நஷ்டம் வரக்கூடிய பொய்யைப் பரப்பினால் அவர் வழக்குத் தொடுக்கலாம். எழுத்தில் வெளியான, பண இழப்பை ஏற்படுத்தக்கூடிய பொய் என்றால், எவ்வளவு நஷ்டம் என்று தனியாக நிரூபிக்க வேண்டிய அவசியமும் இருக்காது. அவதூறுச் சட்டம் அதற்கு இடம் தருகிறது.

அப்படியானால் "சிங்கப்பூரிலேயே ருசியான பிரியாணி" என்று எழுதுகிறார்களே? அது யாரும் அளந்து பார்க்காத பெருமைப் பேச்சு. படிப்பவரும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார். அதையே, "எங்க பிரியாணிதான் வேணும்னு 10 பேரில் 8 பேர் சொன்னாங்க, அந்தக் கடைப் பிரியாணி வேணாமாம்" என்று பெயரோடு எழுதினால் அது அளந்து சொன்ன கூற்று. யார் அந்தப் பத்துப் பேர், இரண்டையும் பெயர் தெரியாமல் ருசி பார்த்தார்களா என்ற கேள்வி வரும்.

இன்னொருவர் வாயால் சொல்ல வைத்தால்?

2015இல் சிங்கப்பூரில் இது பெரிதாகப் பேசப்பட்டது. சிங்டெல் நிறுவனத்தின் இளையர் கைப்பேசித் திட்டத்தை விளம்பரப்படுத்த கஷ்கிளவுட் என்ற நிறுவனம் சமூக ஊடகப் பிரபலங்களைப் பயன்படுத்தியது. எம்1, ஸ்டார்ஹப் சேவைகளைப் பற்றிக் குறை சொல்லும்படி அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட குறிப்பு, வலைப்பதிவர் ஒருவரால் வெளியில் வந்தது.

சிங்டெல் இரு நிறுவனங்களிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டது. அப்போதைய தகவல்தொடர்பு மேம்பாட்டு ஆணையம் விசாரித்து, சிங்டெல்லுக்குக் கடும் எச்சரிக்கை விடுத்தது. அடுத்த ஆண்டு, சமூக ஊடக விளம்பரங்களுக்கான வழிகாட்டியை விளம்பரத் தர ஆணையம் வெளியிட்டது. காசு வாங்கிக்கொண்டு எழுதினால் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

சிறிய கடைக்கும் இது பொருந்தும். ஊழியர்களையோ உறவினர்களையோ வாடிக்கையாளர் போலப் போட்டிக் கடையைப் பற்றிக் கருத்து எழுதச் சொன்னால், ஒப்பீட்டின் முதல் வரியே பொய்யாகிவிடும். சொல்வது யார் என்பதே மறைக்கப்பட்டிருக்கிறதே.

போட்டியாளரிடமிருந்து கடிதம் வந்தால்?

முதலில் ரசீதை எடுத்து, குறிப்பிட்ட வரியைச் சரிபார்க்க வேண்டும். தவறு இருந்தால் அன்றே விளம்பரத்தை நிறுத்தித் திருத்திவிடுவது நல்லது. தவறு என்று தெரிந்தபிறகும் ஓட்டிக்கொண்டிருந்தால், வேண்டுமென்றே செய்ததாகத்தான் கருதப்படும். தவறு இல்லையென்றால் ரசீதின் நகலோடு பதில் அனுப்பலாம். கடிதம் வந்ததையே ஃபேஸ்புக்கில் போட்டு இன்னொரு சண்டையை ஆரம்பிப்பது பெரும்பாலும் நிலைமையை மோசமாக்கும்.

வாடிக்கையாளர் என்ன கவனிக்கலாம்?

பெயர் சொல்லி ஒப்பிடும் விளம்பரத்தைப் பார்த்தால் இந்த நான்கையும் தேடுங்கள்:

- எந்தெந்தப் பொருள், என்ன வகை, எவ்வளவு எடை?
- எந்த நாள், எந்தக் கிளையின் விலை?
- இரண்டு பக்கமும் தள்ளுபடி, வரி, விநியோகக் கட்டணம் ஒரே மாதிரி கணக்கிடப்பட்டுள்ளனவா?
- விழுக்காடு மட்டும்தானா, வெள்ளிக் கணக்கும் இருக்கிறதா?

இவை இல்லையென்றால் அந்த ஒப்பீட்டை நம்பிக் கடை மாறத் தேவையில்லை. விளம்பரம் தவறான எண்ணத்தைத் தருகிறது என்று தோன்றினால், சிங்கப்பூர் விளம்பரத் தர ஆணையத்திடம் புகார் கொடுக்கலாம். அதை நம்பிப் பொருள் வாங்கி நஷ்டம் ஏற்பட்டிருந்தால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். விளம்பரத்தைப் படம் எடுத்து, ரசீதையும் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.